பிசிஓடி என்று எழுதிய சீட்டும், காலை எட்டு மணி ரத்தமும்

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து தர்மபுரி டவுனுக்கு வரும் பெண்கள் பலரின் ஃபைலில் ஒரே மாதிரி மூன்று தாள்கள் இருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி’. அதன் பின்னால் மெட்ஃபார்மின் சீட்டு. கடைசியாக, ‘எடையைக் குறைங்க’ என்ற அறிவுரை. பெரும்பாலானவர்களுக்கு இது சரியாகவே பொருந்தும். ஆனால் தாடையில் முடி, முகப்பரு, தள்ளித் தள்ளி வரும் மாதவிடாய் என்று வரும் பெண்களில், உலக அளவில் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேருக்குக் கோளாறு சினைப்பையில் இல்லை. அவர்களுக்குக் கோளாறு சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் இருக்கிறது. அதில் முக்கியமானது, பிறவியிலேயே இருந்து தாமதமாக வெளிப்படும் அட்ரினல் மிகைவளர்ச்சி. டாக்டர்கள் ‘நான்-கிளாசிக் சிஏஎச்’ என்பார்கள்.

சினைப்பை நீர்க்கட்டி நோயான பிசிஓடி என்பது மற்ற காரணங்களைத் தள்ளிவிட்ட பிறகு வைக்க வேண்டிய பெயர். 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலிலேயே அந்த நிபந்தனை இருக்கிறது. நடைமுறையில் ஸ்கேன் முதலில் வந்துவிடுகிறது, தள்ள வேண்டியதைத் தள்ளாமலே பெயர் ஒட்டிவிடுகிறது. ஸ்கேனை நம்பி இரண்டையும் பிரிக்கவும் முடியாது. அட்ரினலிலிருந்து ஆண் ஹார்மோன் அதிகமாக வந்தாலும் சினைப்பையில் அதே சிறு சிறு கொப்புளங்கள் தெரியும்.

உடம்பில் நடப்பது இதுதான். அட்ரினல் சுரப்பி கொலஸ்ட்ராலை எடுத்துப் படிப்படியாக மாற்றி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செய்கிறது. அந்த வழியில் ‘17 ஓஎச்பி’ என்று ஒரு இடைப்பொருள் வரும். அதை அடுத்த படிக்குத் தள்ளும் நொதியின் பெயர் 21-ஹைட்ராக்சிலேஸ். இந்த நொதி முழுக்கச் செத்திருந்தால் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்து. இருபது முதல் ஐம்பது சதவீதம் வேலை செய்தால் குழந்தை நன்றாகத்தான் வளரும். மடை பாதி அடைத்த வாய்க்கால் மாதிரி, மேலே தேங்கும் 17 ஓஎச்பி பக்கத்து வரப்பை உடைத்து ஆண் ஹார்மோன் பக்கம் ஓடுகிறது. கார்ட்டிசால் பெரும்பாலும் போதிய அளவு கிடைத்துவிடுவதால் மயக்கமோ தளர்ச்சியோ வராது. பெண் கண்ணாடியில் பார்ப்பது முடியையும் பருவையும்தான்.

எனவே கேட்க வேண்டிய சோதனை 17 ஓஎச்பி. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைதான், ஆனால் இவ்வளவு எளிதாகக் கெட்டுப்போகும் பரிசோதனையும் குறைவு. அதை எப்படிச் சரியாக எடுப்பது, எங்கே தவறும் என்பதை ஒரு பெண்ணின் விவரத்தை வைத்துப் பார்க்கலாம். இவர் தனி ஆள் அல்ல, இந்தப் பக்கம் அடிக்கடி காணும் விவரங்களைச் சேர்த்துக் கட்டிய மாதிரி.

வயது 24, ஊர் அரூர் பக்கம். உயரம் 149 சென்டிமீட்டர், எடை 47 கிலோ. மாதவிடாய் ஐம்பது, அறுபது நாளுக்கு ஒருமுறை. பதிமூன்று வயதிலிருந்தே தாடையில் கறுத்த முடி, வாரம் இரண்டுமுறை பிடுங்குகிறார். 21 வயதில் தாய்மாமனைக் கட்டிக்கொண்டார், குழந்தை இல்லை. ஒரு வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டும் மாற்றமில்லை. கூட வந்த அம்மாவிடம், “சின்ன வயசுல ஏதாச்சும் வித்தியாசமா இருந்துச்சுங்களாம்மா?” என்று கேட்டால், கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொல்வார்: “ஏழு வயசுலயே கீழ முடி வந்துருச்சுங்க, டாக்டரம்மா. கேக்க வெக்கமா இருந்துச்சு. அப்போ கிளாசுலயே இவதான் உசரம். அப்புறம் நின்னுபோச்சு.”

இந்த ஒரு பதில் நாலு லேப் ரிப்போர்ட் பெறும். எட்டு வயதுக்கு முன் மறைவிட முடி, முதலில் மளமளவென்று வளர்ந்து பிறகு சீக்கிரமே நின்றுபோன உயரம், சொந்தத்தில் கல்யாணம் செய்துவரும் குடும்பம். இந்த மூன்றும் சேர்ந்தால் அட்ரினலைப் பார்க்காமல் விடக்கூடாது. ஒல்லியாக இருப்பதும் ஒரு குறிப்புதான், ஆனால் குண்டாக இருப்பவருக்கு இது வராது என்று அர்த்தமில்லை. குறிப்பு எதுவுமே இல்லாதவர்களிலும் சிலருக்கு இருக்கும் என்பதால், முடியும் மாதவிடாய்க் கோளாறும் சேர்ந்து வரும் எல்லோருக்கும் 17 ஓஎச்பி ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது.

இவருக்கு முன்பே ஒருமுறை அந்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். மில்லிக்கு 1.6 நானோகிராம், ‘நார்மல்’. தாளின் மேல் மூலையில் ரத்தம் எடுத்த நேரம் அச்சாகியிருக்கிறது: மாலை 4.10. காலையில் வீட்டு வேலை முடித்து, பஸ் பிடித்து, டாக்டரைப் பார்த்து, சீட்டு வாங்கி லேபுக்குப் போனால் நாலு மணிதான் ஆகும். கோளாறு அங்கேதான். அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச் விடியலில் உச்சத்தில் இருந்து, மாலைக்குள் வடிந்துவிடும். பாதி அடைத்த மடையில் தண்ணீர் தேங்குவதும் காலையில்தான். மாலையில் எடுத்த ரத்தத்தில் இந்த நோய் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

சரியான நேரம் காலை எட்டு மணி அல்லது அதற்கும் முன். மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எடுக்க வேண்டும். நாளுக்கு ஏன் இந்தக் கண்டிப்பு என்றால், கருமுட்டை வெடித்த பிறகு சினைப்பையே 17 ஓஎச்பி சுரக்கும். இருபதாம் நாள் எடுத்தால் ஒரு நோயும் இல்லாத பெண்ணுக்கும் எண் ஏறிவிடும். மாலை ரத்தம் நோயை மறைக்கும், மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் எடுத்த ரத்தம் இல்லாத நோயைக் காட்டும். ரிப்போர்ட்டில் முன்பாதிக்கு ஒன்று, பின்பாதிக்கு ஒன்று என்று இரண்டு மூன்று ‘நார்மல்’ அளவுகள் வரிசையாக அச்சிட்டிருக்கும். பின்பாதி அளவோடு ஒப்பிட்டால் சந்தேகத்துக்குரிய எண்ணும் நார்மல் ஆகிவிடும். அதனால் சீட்டிலேயே ‘மாதவிடாய் 3-ஆம் நாள், காலை 8 மணி’ என்று எழுதிக் கொடுப்பது நல்லது. ஊரிலிருந்து வர முடியாதவர்கள் முந்தின இரவே டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம், அல்லது வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் ஆளை ஏற்பாடு செய்யலாம்.

மாதவிடாயே மூன்று மாதமாக வரவில்லை என்றால்? முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் கர்ப்பத்திலும் 17 ஓஎச்பி ஏறும். பிறகு டாக்டர் சில நாளுக்கு மெட்ராக்சிப்ரொஜெஸ்டெரோன் மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவைத்து, அதன் மூன்றாம் நாள் எடுப்பார்.

இன்னொரு பொறி, பெண்ணே சொல்ல மறக்கும் மருந்துகள். கருத்தடை மாத்திரை ஆண் ஹார்மோன் அளவுகளை அமுக்கிவிடும். அவற்றை நம்பிப் பார்க்க மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாவது ஆக வேண்டும், அதுவரை வேறு கருத்தடை வேண்டும். ஸ்டீராய்டு அதைவிட மோசம். மூட்டுவலிக்கு வாங்கிய பெயர் தெரியாத பொடி, மூச்சிரைப்புக்குப் போட்ட மாத்திரை என்று எது உள்ளே போனாலும் மூளையிலிருந்து வரும் ஏசிடிஎச் படுத்துவிடும், 17 ஓஎச்பியும் கூடவே படுத்துவிடும். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ‘முகம் வெளுக்கும்’ க்ரீம்களைத் தனியாகக் கேட்க வேண்டும். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அந்த க்ரீமே முகத்தில் முடியையும் பருவையும் வரவைக்கும் என்பதால், சில பெண்களுக்குத் தேடிய வியாதி அந்த ட்யூபிலேயே முடிந்துவிடும்.

அலகும் பார்க்க வேண்டும். சில லேப் மில்லிலிட்டருக்கு எழுதும், சில டெசிலிட்டருக்கு. மில்லிலிட்டருக்கு 2 என்பதும் டெசிலிட்டருக்கு 200 என்பதும் ஒன்றுதான். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் போனில் படித்துச் சொன்னால் நூறு மடங்கு பிசகும்.

மில்லிக்கு 2 நானோகிராமுக்குக் கீழே, அதுவும் சரியான நேரத்தில் சரியான நாளில் எடுத்ததாக இருந்தால், இந்த நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 10-ஐத் தாண்டினால் நோய் உறுதி. இடையில் விழுந்தால் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை தேவை. நம் பெண்ணுக்கு மூன்றாம் நாள் காலை 7.50-க்கு எடுத்ததில் 3.8 வந்தது. மாலை நாலு மணிக்கு 1.6 காட்டிய அதே உடம்பு.

ஊசிச் சோதனை ஒரு மணி நேர வேலை. முதலில் ஒரு ரத்தம், பிறகு ஏசிடிஎச் மாதிரியே அட்ரினலைத் தூண்டும் டெட்ராகோசாக்டைட் ஊசி 250 மைக்ரோகிராம், அறுபதாவது நிமிடம் இன்னொரு ரத்தம். அதில் 17 ஓஎச்பி 10-க்கு மேல் போனால் நோய் இருக்கிறது. இவருக்கு 14.2. அதே குழாய் ரத்தத்தில் கார்ட்டிசாலும் பார்த்துவிட வேண்டும். ஊசிக்குப் பிறகும் கார்ட்டிசால் ஏறாத சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆபரேஷன், விபத்து, கடும் காய்ச்சல் சமயத்தில் ஸ்டீராய்டு காப்பு வேண்டும். இவருக்கு டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம் வரை ஏறியது, அந்தக் கவலை இல்லை. டெட்ராகோசாக்டைட் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பதால் இதற்குப் பெரும்பாலும் சேலம், வேலூர் அல்லது பெங்களூரு போக வேண்டியிருக்கும். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூருதான் பக்கம். போகும் முன் போன் போட்டு மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

டிஎச்இஏஎஸ் என்ற இன்னொரு ஹார்மோனும் சீட்டில் வரும். அது அட்ரினலில் மட்டும் சுரப்பதால், அது நார்மல் என்றால் அட்ரினல் நார்மல் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தவறு. நான்-கிளாசிக் நோயில் அது நார்மலாக இருக்கலாம், சாதாரண பிசிஓடியில் லேசாக ஏறியும் இருக்கலாம். அது உதவுவது வேறு இடத்தில். டெசிலிட்டருக்கு 700 மைக்ரோகிராமைத் தாண்டினாலோ, டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 150, 200 நானோகிராமுக்கு மேல் போனாலோ கட்டியைத் தேட வேண்டும். கட்டியில் எண்ணைவிட வேகம் முக்கியம். நான்-கிளாசிக் நோய் பருவத்திலிருந்து பத்து வருடமாக மெதுவாக ஊரும். கட்டி ஆறு மாதத்தில் குரலை மாற்றும், நெற்றி முடியைக் கொட்டவைக்கும், கிளிட்டோரிஸை வீங்கவைக்கும். அப்படி வந்தால் 17 ஓஎச்பிக்கு மாதவிடாய் நாள் பார்த்துக் காத்திருக்காமல் அட்ரினலுக்கும் சினைப்பைக்கும் உடனே ஸ்கேன்.

உடம்பில் கார்ட்டிசால் அளவுக்கு மீறிப்போகும் குஷிங் நோயும் இந்த வேஷம் போடும். வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா வரிகள், தொட்டால் கன்றிப்போகும் தோல், தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழ முடியாத தொடை. இவை இருந்தால் இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, மறுநாள் காலை 8 மணிக்கு கார்ட்டிசால் பார்ப்பார்கள். டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கினால் குஷிங் இல்லை என்று பெரும்பாலும் விட்டுவிடலாம். முடியோடு சேர்ந்து இளவயதிலேயே ரத்த அழுத்தம் இருந்தால் 11-ஹைட்ராக்சிலேஸ் என்ற வேறொரு நொதியின் குறை நினைவுக்கு வர வேண்டும். அது அபூர்வம்.

நோய் உறுதியானதும் பலர் எதிர்பார்ப்பது ஸ்டீராய்டு மாத்திரை. முடிக்காக மட்டும் வந்தவருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. வாழ்நாள் முழுக்க ஸ்டீராய்டு போட்டு எலும்பையும் எடையையும் சர்க்கரையையும் கெடுத்துக்கொள்வதைவிட, கருத்தடை மாத்திரையும் தேவைப்பட்டால் ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் முடிக்கு நன்றாகவே வேலை செய்யும், லேசர் கூடவே போகலாம். பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். குழந்தைக்கு முயற்சி செய்பவருக்கு ஸ்பைரோனோலாக்டோன் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கும்.

நம் பெண்ணுக்கு வேண்டியது குழந்தை. இங்கே ஸ்டீராய்டுக்கு வேலை இருக்கிறது. அட்ரினலை அமுக்கினால் முட்டை வளர்ச்சி சீராகும், கருச்சிதைவும் குறைவதாகத் தெரிகிறது. ஹைட்ரோகார்ட்டிசோன் நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. அல்லது பிரெட்னிசலோன். டெக்ஸாமெத்தசோன் வேண்டாம், நஞ்சுக்கொடி அதைச் சிதைக்காமல் அப்படியே குழந்தைக்கு அனுப்பிவிடும். ஆரம்பித்த பிறகு, ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று ஒரு நாளில் நிறுத்தக்கூடாது. காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசிக்கு ஓட வேண்டும்.

மருந்துக்கு முன் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. இங்கே அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் உள்ளதால் அது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. இந்த நோய் வர இரண்டு மரபணுப் பிரதியிலும் குறை இருக்க வேண்டும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. நான்-கிளாசிக் நோயுள்ளவர்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு ஒரு பிரதியில் லேசான குறை, மற்றதில் கடுமையான குறை. லேசானது கொஞ்சம் காப்பாற்றுவதால்தான் அந்தப் பெண் பிழைத்து நன்றாக இருக்கிறார். கணவரும் கடுமையான குறை ஒன்றைச் சுமந்தால், இரண்டும் சேர்ந்து குழந்தைக்கு, பிறந்த சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்தான கடும் வகை வரலாம்.

இவரிடம் கடுமையான பிரதி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர் அந்நியர் என்றால், அவர் அப்படி ஒன்றைச் சுமக்க ஏறக்குறைய அறுபதில் ஒரு வாய்ப்பு. இவர் கடுமையானதைக் கொடுக்க பாதி வாய்ப்பு, அவர் கொடுக்க பாதி வாய்ப்பு. பெருக்கினால் 240-இல் ஒன்று. கணவர் தாய்மாமன் என்றால் கணக்கு மாறும். அந்தப் பிரதி அம்மா வழி வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அம்மா வழி என்றால் அவருடைய தம்பியிடமும் அது இருக்க மறுபடி பாதி. பிறகு இருவரும் குழந்தைக்குக் கொடுக்கும் இரண்டு பாதிகள். ஆகப் பதினாறில் ஒன்று. மாமன் மகனாக இருந்திருந்தால் முப்பத்திரண்டில் ஒன்று.

பதினாறில் ஒன்று என்று பயமுறுத்திவிட்டு விடுவது சரியல்ல, கணக்கை முடிக்க முடியும். பெண்ணுக்கு ‘சிஒய்பி21ஏ2’ மரபணுச் சோதனை. இதில் ஒரு சிக்கல்: இந்த மரபணுவுக்குப் பக்கத்திலேயே கிட்டத்தட்ட அச்சு அசலாக, ஆனால் வேலை செய்யாத போலி மரபணு ஒன்று இருக்கிறது. எல்லா மரபணுவையும் ஒரேயடியாகப் படிக்கும் பேக்கேஜ் சோதனைகள் இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘குறை இல்லை’ என்று எழுதிவிடும். அசலைத் தனியாகப் பிரித்தெடுத்துப் படிக்கும் லாங்-ரேஞ்ச் பிசிஆரும், விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் எம்எல்பிஏவும் செய்கிறார்களா என்று லேபிடம் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

நம் பெண்ணுக்கு ஒன்று லேசு, ஒன்று கடுமை என்று வந்தது. அம்மாவைச் சோதித்ததில் கடுமையானது அவரிடமிருந்துதான் என்று தெரிந்தது. உடனே பதினாறில் ஒன்று எட்டில் ஒன்றாக ஏறுகிறது. அடுத்து கணவர். அவருக்கு 17 ஓஎச்பி பார்த்துப் பயனில்லை, ஒரு பிரதி மட்டும் சுமப்பவருக்கு அது நார்மலாகவே இருக்கலாம். மரபணுதான் சொல்லும். அவரிடம் இரண்டு பிரதியும் நலம் என்றால் இந்தப் பயம் ஏறக்குறைய தீர்ந்தது. அவரும் சுமக்கிறார் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் கடும் வகைக்கு நாலில் ஒன்று, அம்மா மாதிரி லேசான வகைக்கு இன்னொரு நாலில் ஒன்று. விரும்பினால் பதினொன்றாம் வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து முன்கூட்டியே பார்க்க வழி உண்டு. பெண் சிசுவின் உறுப்பு மாறாமலிருக்கக் கர்ப்பத்தில் டெக்ஸாமெத்தசோன் கொடுப்பது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது, அதை யாரும் சாதாரண மருந்தாக எழுதக்கூடாது.

அப்படிப்பட்ட கர்ப்பத்துக்குப் பிரசவ நாளிலேயே ஏற்பாடு வேண்டும். பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் 17 ஓஎச்பி, கூடவே சோடியமும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும், முதல் வாரத்துக்குப் பிறகு உப்புகளை மறுபடி பார்க்க வேண்டும். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பு வித்தியாசமாக இருப்பதால் யாராவது கவனித்துவிடுவார்கள். ஆண் குழந்தையில் வெளியே ஒன்றும் தெரியாது. கொழுகொழுவென்று வீட்டுக்குப் போய், இரண்டாம் வாரத்தில் பால் குடிக்காமல் வாந்தி எடுத்து எடை இறங்கும். வீட்டில் ‘சீர் தட்டியிருக்கு’ என்று மந்திரிக்கத் தூக்கிப் போவார்கள், ஆஸ்பத்திரியிலும் முதலில் கிருமித்தொற்று என்றுதான் தோன்றும். சோடியம் இறங்கி பொட்டாசியம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால், ஹைட்ரோகார்ட்டிசோனும் உப்புநீரும் அன்றைக்கே ஏறும். அதற்கு, அம்மாவின் நோய் என்ன என்பதும் அப்பாவிடம் கண்ட மரபணு முடிவும் பிரசவ அட்டையின் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.